ஜெர்மனியில் விடைபெறும் 2ஜி: 4ஜி செல்பேசி இருந்தும் பேச முடியாமல் போகுமா?

ஜெர்மனியின் மிகப் பெரிய தொலைத்தொடர்பு நிறுவனமான டொய்ச்ச டெலிகோம், தனது இரண்டாம் தலைமுறைச் செல்பேசி வலையமைப்பை 2028ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் தேதியுடன் நிறுத்திவிடப்போவதாக அறிவித்துள்ளது. வோடபோன் நிறுவனம் அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில் பொதுவான பயன்பாட்டுக்கான 2ஜி சேவையை முடித்துக்கொள்ளும் என்றும், இயந்திரங்களுக்கிடையிலான தொடர்புகளுக்காக மட்டும் 2030ஆம் ஆண்டின் இறுதிவரை அதைப் பேணும் என்றும் தெரிவித்துள்ளது.

இதே நாட்டில் மூன்றாம் தலைமுறை வலையமைப்பு ஏற்கெனவே மறைந்துவிட்டது. டெலிகோமும் வோடபோனும் 2021ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில் தமது 3ஜி சேவையை நிறுத்தின. ஓ2 நிறுவனம் அவ்வாண்டின் இறுதிக்குள் அதே வழியைப் பின்பற்றியது.

அன்று பெரும்பாலான பயனாளர்கள் எந்தப் பாதிப்பையும் உணரவில்லை. எனவே 2028ஆம் ஆண்டின் நிறுத்தமும் அவ்வாறே அமைதியாகக் கடந்துபோகும் என்று பலரும் எண்ணக்கூடும். ஆனால் இந்த இரு நிறுத்தங்களும் ஒரே தன்மை கொண்டவை அல்ல. 3ஜி போனபோது அதற்குக் கீழே 2ஜி இருந்தது. 2ஜி போகும்போது அதற்குக் கீழே எதுவும் இல்லை.

இளையது முதலில் மறைந்தது ஏன்?

ஜெர்மனியில் 2ஜி எனப்படும் ஜிஎஸ்எம் சேவை 1992ஆம் ஆண்டு தொடங்கியது. 3ஜிக்கான அலைக்கற்றைகள் 2000ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் மைன்ஸ் நகரில் ஏலம் விடப்பட்டன. ஆறு நிறுவனங்கள் சேர்ந்து 5,000 கோடி யூரோவுக்கும் அதிகமான தொகையை அரசுக்குச் செலுத்தின. இவ்வளவு பெரும் விலை கொடுத்துப் பெறப்பட்ட தொழில்நுட்பம், தனக்கு முன் பிறந்த 2ஜியைக் காட்டிலும் விரைவில் ஓய்வு பெற்றது.

இதற்கான காரணம் அலைக்கற்றைகள் பங்கிடப்படும் முறையில் உள்ளது. ஜிஎஸ்எம் வலையமைப்பு தனக்குரிய அலைக்கற்றையை 200 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள சிறு துண்டுகளாகப் பயன்படுத்துகிறது. பயனாளர் எண்ணிக்கை குறையும்போது சில துண்டுகளை எடுத்து 4ஜிக்குக் கொடுத்துவிட்டு, எஞ்சியவற்றைக் கொண்டு 2ஜி சேவையைத் தொடர்ந்து நடத்தலாம். 3ஜியில் இது இயலாது. அதன் மிகச் சிறிய அலகே ஏறத்தாழ 5 மெகாஹெர்ட்ஸ் அகலமுடையது. பத்துப் பேர் பயன்படுத்தினாலும் பத்தாயிரம் பேர் பயன்படுத்தினாலும் அந்த 5 மெகாஹெர்ட்ஸ் முழுவதையும் ஒதுக்கியே ஆகவேண்டும்.

அத்துடன், 3ஜி செய்துவந்த முக்கியப் பணி இணையத் தரவுகளைச் சுமப்பதாகும். அதை 4ஜி மேலும் சிறப்பாகச் செய்கிறது. குரல் அழைப்புகளுக்கும் குறுஞ்செய்திகளுக்கும், சிறு கருவிகள் அனுப்பும் சமிக்ஞைகளுக்கும் 2ஜியே போதுமானதாக இருந்தது. ஆகவே நடுவிலிருந்த தலைமுறை வெளியேற, மூத்த தலைமுறை தங்கிவிட்டது.

இந்தியாவிலும் இதுவே நிகழ்ந்தது. ஏர்டெல் நிறுவனம் 2019ஆம் ஆண்டில் 3ஜி சேவையை மூடத் தொடங்கியது, ஆனால் பொத்தான் செல்பேசி வைத்திருப்போருக்காக 2ஜியைத் தக்கவைத்துக்கொண்டது.

குரல் எந்த வழியாகச் செல்கிறது?

2028இல் நேரப்போவதைப் புரிந்துகொள்ள, ஒரு செல்பேசி அழைப்பு எவ்வாறு நிகழ்கிறது என்பதை அறிவது அவசியம்.

2ஜியிலும் 3ஜியிலும் ஒருவர் எண்ணை அழுத்தியதும், பேசி முடிக்கும் வரை அவருக்கென்றே தனி இணைப்புப் பாதை ஒன்று ஒதுக்கப்படும். பழைய கம்பித் தொலைபேசியின் தொடர்ச்சி இது. 4ஜியில் அத்தகைய பாதை கிடையாது. அது முற்றிலும் இணையத் தரவுகளுக்காகவே வடிவமைக்கப்பட்டது. அதில் குரலையும் சிறு தரவுப் பொட்டலங்களாக மாற்றித்தான் அனுப்பவேண்டும். இந்த முறை செல்பேசித் திரைகளில் VoLTE என்று குறிப்பிடப்படுகிறது. பேச்சு வழக்கில் வோல்ட்டி என்பர்.

ஜெர்மனியில் வோல்ட்டி சேவை 2015ஆம் ஆண்டு முதல் படிப்படியாக அறிமுகமானது. 4ஜி இணையம் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே வந்துவிட்டது. இடைப்பட்ட காலத்தில் விற்பனையான 4ஜி செல்பேசிகள் ஓர் உத்தியைக் கையாண்டன. இணையத்துக்கு 4ஜியில் இருக்கும். அழைப்பு வந்ததும் அல்லது எண்ணை அழுத்தியதும் 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கிவிடும். பேசி முடித்தபின் மீண்டும் 4ஜிக்கு ஏறிக்கொள்ளும். இந்த இறக்கமும் ஏற்றமும் சில வினாடிகளில் நடந்துவிடுவதால் பயனாளர் அதைக் கவனிப்பதில்லை.

இதில்தான் சிக்கல் உள்ளது. 2ஜி இல்லாதபோது இத்தகைய செல்பேசி இறங்குவதற்கு இடம் இருக்காது. இணையம் இயங்கும், படங்கள் வரும், ஆனால் சாதாரணத் தொலைபேசி அழைப்பு இயங்காது.

நான்கு செல்பேசிகள், இரண்டு நிறுத்தங்கள்

இந்த வேறுபாட்டை நான்கு வகைச் செல்பேசிகளைக் கொண்டு விளக்கலாம். நான்கிலும் டெலிகோம் சிம் அட்டை இருப்பதாகக் கொள்வோம்.

முதலாவது, 2000ஆம் ஆண்டில் வெளியான நோக்கியா 3310 போன்ற, 2ஜி மட்டுமே அறிந்த பொத்தான் செல்பேசி. 2021ஆம் ஆண்டு ஜூலை முதலாம் தேதி இதற்கு எதுவும் நேரவில்லை. 3ஜி என்ற ஒன்று இருந்ததே அதற்குத் தெரியாது. 2028ஆம் ஆண்டு ஜூலை முதலாம் தேதி அது அந்த வலையமைப்பை முழுமையாக இழந்துவிடும்.

இரண்டாவது, 3ஜி வரை செல்லக்கூடிய பழைய செல்பேசி. 2021இல் அது 2ஜிக்குத் தாழ்ந்தது. அழைப்பும் குறுஞ்செய்தியும் தொடர்ந்தன. இணையம் மட்டும், மிகச் சாதகமான நிலையிலும் வினாடிக்கு ஏறத்தாழ 200 கிலோபிட் என்ற அளவுக்குச் சுருங்கியது. எழுத்துச் செய்திக்கு அது போதும். ஒரு புகைப்படத்துக்கே காத்திருக்க வேண்டும். 2028இல் எஞ்சியிருப்பதும் போய்விடும்.

மூன்றாவது, 4ஜி உண்டு, ஆனால் வோல்ட்டி இல்லை. 2013ஆம் ஆண்டின் ஐபோன் 5எஸ் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. வோல்ட்டி வசதி ஐபோன் 6இலிருந்துதான் வந்தது. 2021இல் இதன் உரிமையாளர் எதையும் உணர்ந்திருக்கமாட்டார். அழைப்பின்போது 3ஜிக்குப் பதிலாக 2ஜிக்கு இறங்கியிருக்கும். 2028இல் திரையின் மேல்மூலையில் 4ஜி அடையாளம் வழக்கம்போல ஒளிரும், அழைப்பு மட்டும் செல்லாது. நால்வரில் அதிகம் ஏமாற்றப்படக்கூடியவர் இவரே. ஏனெனில் 'என்னிடம் 4ஜி உள்ளது' என்ற நம்பிக்கையில் அவர் எந்த ஏற்பாடும் செய்திருக்கமாட்டார்.

நான்காவது, 4ஜியும் உண்டு, வோல்ட்டியும் உண்டு. இரண்டு நிறுத்தங்களிலும் இதற்குப் பாதிப்பு இருக்கக்கூடாது. ஆனால் இங்கும் ஒரு நிபந்தனை உண்டு. வோல்ட்டி என்பது கருவியில் மட்டும் உள்ள வசதி அன்று. அந்தக் குறிப்பிட்ட வலையமைப்புக்கு உரிய அமைப்புத் தகவல்கள் செல்பேசியின் மென்பொருளில் இடம்பெற்றிருக்க வேண்டும். சென்னையிலோ கொழும்பிலோ வாங்கிய ஒரு செல்பேசி, அங்குள்ள நிறுவனங்களின் வலையமைப்பில் வோல்ட்டி வழியாகப் பேசினாலும், ஜெர்மன் நிறுவனத்தின் சிம் அட்டையைப் பொருத்தியதும் அதைச் செய்யாமல் போகலாம். இன்று அது ஓசையின்றி 2ஜிக்கு இறங்கி, குறையை மறைத்துவிடுகிறது.

சிம் அட்டையின் வயதும் கவனத்துக்குரியது. 3ஜி காலத்துக்கு முந்தைய பழைய வகை சிம் அட்டைகளால் 4ஜி வலையமைப்பில் பதிவுசெய்ய இயலாது. ஒரே எண்ணையும் ஒரே அட்டையையும் இருபதாண்டுகளுக்கும் மேலாக வைத்திருக்கும் முதியவர், புதிய செல்பேசி வாங்கினாலும் அட்டையை மாற்றாதவரை 2ஜியிலேயே இருப்பார்.

முன்கூட்டியே கண்டறிவது எவ்வாறு?

2028 வரை காத்திருக்காமல் இன்றே இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஜெர்மனியில் 3ஜி இல்லாததால் சோதனை எளிதாகிவிட்டது. வைஃபை இணைப்பை அணைத்துவிட்டு, திரையில் 4G அல்லது LTE என்ற அடையாளம் தெரியும்போது ஓர் அழைப்பை ஏற்படுத்த வேண்டும். பேசிக்கொண்டிருக்கும்போது அதே அடையாளம் நீடித்தால் குரல் 4ஜி வழியாகச் செல்கிறது. அது E, G அல்லது 2G என்று மாறினால், அல்லது இணையம் தடைப்பட்டால், அந்தச் செல்பேசி பேசுவதற்கு இன்னமும் 2ஜியை நம்பியிருக்கிறது.

சோதனையில் தோற்றாலே செல்பேசியைக் கைவிட வேண்டும் என்பதில்லை. முதலில் அமைப்புகளில் VoLTE அல்லது '4ஜி அழைப்பு' என்ற தெரிவு அணைக்கப்பட்டுள்ளதா என்று பார்க்கவேண்டும். அடுத்து, மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும். பின்னர் சிம் அட்டையின் வகையையும், ஒப்பந்தத்தில் வோல்ட்டி சேவை இயக்கப்பட்டுள்ளதா என்பதையும் நிறுவனத்திடம் கேட்கலாம். இவை அனைத்தும் சரியாக இருந்தும் அடையாளம் கீழிறங்கினால், குறை கருவியில்தான் உள்ளது.

பல ஆண்ட்ராய்டு செல்பேசிகளில் `*#*#4636#*#*` என்று அழுத்தினால் வரும் பக்கத்தில், குரல் சேவைக்கான பதிவு நடைபெற்றுள்ளதா என்பதைக் காணலாம். ஆண்ட்ராய்டின் 12ஆம் பதிப்பு முதல் சில கருவிகளில் 2ஜியை அணைத்துவைக்கும் தெரிவும் உள்ளது. அதை அணைத்துவிட்டு ஒரு வாரம் பயன்படுத்துவது, 2028ஆம் ஆண்டு ஜூலை மாதத்துக்கான ஓர் ஒத்திகையாக அமையும். வீட்டின் நிலவறையிலும் ஊர்ப்புறச் சாலையிலும் அழைப்பு கிடைக்கிறதா என்பது அப்போது தெரிந்துவிடும்.

பொத்தான் செல்பேசியையே விரும்புவோர் தொடுதிரைக்கு மாறவேண்டிய கட்டாயம் இல்லை. வோல்ட்டி வசதியுள்ள 4ஜி பொத்தான் செல்பேசிகள் விற்பனையில் உள்ளன. வாங்கும்போது பெட்டியில் 4G என்று எழுதியிருப்பது போதாது. தாம் பயன்படுத்தும் நிறுவனத்தின் வலையமைப்பில் அந்த மாதிரிக்கு வோல்ட்டி இயங்கும் என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

அவசர அழைப்பு: ஆஸ்திரேலியா கற்ற பாடம்

வழமையான அழைப்பு செல்லாவிட்டால் அது இடையூறு. 112 என்ற அவசர எண்ணுக்கான அழைப்பு செல்லாவிட்டால் அது உயிர் தொடர்பான விடயம். இரண்டும் ஒன்றாகவே இயங்கும் என்று கொள்ளவும் முடியாது.

ஆஸ்திரேலியாவில் 2ஜி வலையமைப்புகள் 2018ஆம் ஆண்டுக்குள் மூடப்பட்டுவிட்டன. அங்கு அடித்தளமாக இருந்தது 3ஜி. டெல்ஸ்ட்ரா, ஒப்டஸ் ஆகிய நிறுவனங்கள் 2024ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் தேதி முதல் அதையும் நிறுத்தத் தொடங்கின. ஆக, ஜெர்மனி 2028இல் எதிர்நோக்கும் நிலையை ஆஸ்திரேலியா ஏற்கெனவே கடந்துவிட்டது.

அந்த நிறுத்தத்துக்கு முன்னர் ஒரு மறைவான குறை வெளிப்பட்டது. சில செல்பேசிகள் சாதாரண அழைப்புகளை வோல்ட்டி வழியாகச் செய்தபோதிலும், 000 என்ற அவசர எண்ணை அழுத்தியதும் 3ஜியையே தேடுமாறு உற்பத்தியின்போதே அமைக்கப்பட்டிருந்தன. நாள்தோறும் பேசிக்கொண்டிருந்த உரிமையாளருக்கு இதை அறிய வழியே இருக்கவில்லை. இதனால், அவசர அழைப்பை ஏற்படுத்த இயலாத செல்பேசிகளுக்குச் சேவையே வழங்கக்கூடாது என்று நிறுவனங்களுக்கு விதிக்கப்பட்டது. அதன் பின்னரும் சிக்கல் முற்றாகத் தீரவில்லை. சில பழைய சாம்சுங் மாதிரிகள், வோடபோன் வலையமைப்பு மட்டுமே கிடைக்கும் இடங்களில் அவசர அழைப்புக்காக இல்லாத 3ஜியைத் தேடுவது 2025ஆம் ஆண்டில் தெரியவந்தது.

ஜெர்மனியில் இடைக்காலத்தில் ஒரு பாதுகாப்பு இருக்கும். தமது நிறுவனத்தின் சமிக்ஞை இல்லாதபோது, 112 அழைப்பு வேறொரு நிறுவனத்தின் வலையமைப்பு வழியாகச் செல்லும். எனவே டெலிகோம் 2ஜியை நிறுத்தியபின், வேறொரு நிறுவனத்தின் 2ஜி இயங்கும் வரை, பழைய செல்பேசியில் 'அவசர அழைப்பு மட்டும்' என்ற வாசகம் தோன்றக்கூடும். கடைசி 2ஜி வலையமைப்பும் அணைந்ததும் அந்த வாசகமும் மறைந்துவிடும். மேலும், சிம் அட்டை இல்லாத செல்பேசியிலிருந்து 112ஐ அழைக்கும் வசதி ஜெர்மனியில் 2009ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டுவிட்டது. அவசரத்துக்கென்று மேசை அறையில் சிம் அட்டையின்றி வைக்கப்பட்டிருக்கும் பழைய செல்பேசியால் இன்றும் பயனில்லை.

கண்ணுக்குத் தெரியாத செல்பேசிகள்

பழைய செல்பேசியை அதன் உரிமையாளர் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் 2ஜி சிம் அட்டை பொருத்தப்பட்ட பல கருவிகள் செல்பேசி போலத் தோற்றமளிப்பதில்லை.

வாகனங்கள் அவற்றில் முதன்மையானவை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் தேதிக்குப் பின் அனுமதி பெற்ற புதிய கார் மாதிரிகளில் 'ஈகால்' என்ற தன்னியக்க அவசர அழைப்பு வசதி கட்டாயமாக்கப்பட்டது. விபத்தில் காற்றுப்பை விரிந்ததும் வாகனமே 112ஐ அழைத்து, தான் இருக்கும் இடத்தையும் செல்லும் திசையையும் தெரிவிக்கும். இந்தத் தகவல்கள், தொலைநகல் கருவியைப் போல, ஒலிகளாக மாற்றப்பட்டுக் குரல் பாதை வழியாகவே அனுப்பப்படுகின்றன. எனவே இந்த ஏற்பாடு 2ஜி அல்லது 3ஜியின் தனி இணைப்புப் பாதையை நம்பியே உருவாக்கப்பட்டது.

4ஜியில் இயங்கும் புதிய வகை ஈகால், 2026ஆம் ஆண்டு தொடக்கம் முதல் புதிய மாதிரிகளுக்கும், 2027ஆம் ஆண்டு தொடக்கம் முதல் விற்பனையாகும் அனைத்துப் புதிய கார்களுக்கும் கட்டாயம் என்று ஒன்றியம் விதித்துள்ளது. ஆனால் ஜெர்மனியின் சாலைகளில் ஓடும் கார்களின் சராசரி வயது பத்தாண்டுகளுக்கும் மேல். 2020ஆம் ஆண்டில் வாங்கிய கார் ஒன்று 2ஜியின் இறுதி நாளைத் தாண்டியும் ஓடிக்கொண்டிருக்கும். அதன் உள்ளே இருக்கும் வானொலித் தொகுதி 4ஜியை அறியாததாயின், மென்பொருளைப் புதுப்பிப்பதால் மட்டும் அதைச் சரிசெய்ய இயலாது.

அடுத்தது மின்தூக்கிகள். உள்ளே சிக்கிக்கொண்டவர் மீட்புப் பணியாளருடன் இருவழியாகப் பேசும் வசதி, ஜெர்மனியின் பயணியர் மின்தூக்கிகள் அனைத்திலும் 2020ஆம் ஆண்டின் இறுதிக்குள் பொருத்தப்பட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். பல கட்டடங்களில் அதற்காக ஜிஎஸ்எம் தொகுதிகளே பொருத்தப்பட்டன. இக்கருவிகள் மூன்று நாட்களுக்கு ஒருமுறையாவது தாமாகவே ஒரு சோதனை அழைப்பை அனுப்பவேண்டும் என்பது ஐரோப்பியத் தர விதி. இணைப்பு அறுந்தால் பராமரிப்பு நிறுவனத்துக்கு அது தெரிந்துவிடும். மாற்றும் பொறுப்பு கட்டட உரிமையாளருடையது.

முதியோர் கழுத்திலோ மணிக்கட்டிலோ அணியும் அவசரப் பொத்தான் இவற்றுள் மிக நுட்பமானது. 1980களில் ஜெர்மனிக்கு அகதிகளாக வந்த இலங்கைத் தமிழர்களில் முதல் தலைமுறையினர் இன்று அறுபது, எழுபது வயதைக் கடந்துள்ளனர். அவர்களில் தனித்து வாழ்வோரின் வீடுகளுக்கும் இப்பொத்தான்கள் வந்துசேர்கின்றன. பொத்தானை அழுத்தினால் வீட்டிலுள்ள சிறு பெட்டி உதவி மையத்தை அழைக்கும். அந்தப் பெட்டி கம்பி வழியாகப் பேசுகிறதா, செல்பேசி வலையமைப்பு வழியாகவா, பின்னையதாயின் 2ஜியா 4ஜியா என்பதைச் சேவை வழங்கும் அமைப்பிடம் பிள்ளைகள் எழுத்துமூலம் கேட்டறிய வேண்டியுள்ளது. பெட்டியின் வெளித்தோற்றத்திலிருந்து இதை அறிய இயலாது.

ஊரிலிருந்து வருவோரின் நிலை

கோடை விடுமுறையில் தமிழகத்திலிருந்தோ இலங்கையிலிருந்தோ வரும் பெற்றோர் தமது ஊர் எண்ணையே இங்கும் பயன்படுத்துவது வழக்கம். இவர்களது அழைப்புகள் வோல்ட்டி வழியாகச் செல்லவேண்டுமானால், ஊரிலுள்ள நிறுவனமும் ஜெர்மன் நிறுவனமும் அதற்கெனத் தனி உடன்பாடு செய்திருக்க வேண்டும். இணையத்துக்கான உடன்பாடு இதற்குப் போதாது. அத்தகைய உடன்பாடு இல்லாதவரின் செல்பேசி இன்று 2ஜியில் பேசுகிறது. 2ஜி இல்லாதபோது அவர் வாட்ஸ்அப்பில் பேசலாம். சாதாரண அழைப்பை ஏற்க முடியாது.

நிறுத்துவோரின் வாதம்

2ஜியை மூடுவதற்கு நிறுவனங்கள் கூறும் காரணங்களும் புறந்தள்ளத்தக்கவை அல்ல. 2ஜி இயங்கும் 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றை தொலைதூரம் செல்லக்கூடியது, சுவர்களையும் நன்கு ஊடுருவும். அதை 4ஜிக்கும் 5ஜிக்கும் திருப்பினால் ஊர்ப்புறங்களில் இணையம் மேம்படும். பாதுகாப்பும் ஒரு காரணம். 2ஜியில் செல்பேசி தன்னை அடையாளம் காட்டுகிறது. கோபுரம் தன்னை மெய்ப்பிப்பதில்லை. ஆகவே போலிக் கோபுரங்களால் அதை எளிதில் ஏமாற்றலாம். அதன் மறையாக்க முறை உடைக்கப்படக்கூடியது என்பதும் 2009ஆம் ஆண்டு பெர்லினில் நடந்த கணினி வல்லுநர் மாநாட்டில் விளக்கிக்காட்டப்பட்டது.

எனினும் இந்த நன்மைகளின் விலையை முதலில் செலுத்துவோர், அதிகம் பேசாத, அதிகம் செலவிடாத பயனாளர்களே. 3ஜியின் முடிவில் அவர்களைத் தாங்கிக்கொண்டது 2ஜி. இம்முறை, ஒவ்வொரு கருவியிலும் குரல் 4ஜிக்கு இடம்பெயர்ந்துவிட்டதா என்பதைத் தனித்தனியே சரிபார்ப்பதைத் தவிர வேறு மாற்றுவழி அவர்களுக்கு இல்லை.